பாதி லோடும் பாராட்டுக் கடிதமும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி இராஜபாளையம் வந்து, ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மேனேஜராக அமர்பவர் பீர் மைதீன். மரியாதைத் துறையில் அவருக்கு இணை கிடையாது. ராங் நம்பரில் அழைத்தவரிடமும் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார்.

கம்பெனியின் ஆர்டர் சாஃப்ட்வேருக்கு அப்படிப்பட்ட நெகிழ்ச்சி எதுவும் இல்லை. ஓர் ஆர்டர் என்றால் ஒரே லோடு, ஒரே பில். மதுரை ஆஸ்பத்திரி ஒன்று நானூறு பண்டல் கேட்டது. தயாராக இருந்தது இருநூற்றைம்பது. அவசரம், இருப்பதை அனுப்புங்கள் என்றார்கள். பாதிக்குப் பில் போட சாஃப்ட்வேர் மறுத்தது. ஆஸ்பத்திரியின் ஆர்டர் எண்ணை இரண்டு முறை பதியவும் விடாது. பில் போடும் ஜெயசித்ரா, அந்த எண்ணுக்கு ஏ, பி என்று வால் ஒட்டி இரண்டு ஆர்டராக்கி அனுப்பினாள். வால் முளைத்த எண் எங்கள் கணக்கில் இல்லை என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர்கள் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த ஆர்டருக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். கம்பெனியின் மிகப் பெரிய வாடிக்கை அது.

பீர் மைதீன் கோயம்புத்தூர் சாஃப்ட்வேர்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். முதல் பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. இரண்டாம் பக்கக் கடைசியில், சிரமமில்லை என்றால், நேரம் வாய்த்தால், பகுதிப் பகுதியாக அனுப்பிப் பில் போடும் வசதி பற்றி யோசிக்கலாம் என்று ஒரு வரி.

நான்காம் நாள் ஜெயசித்ரா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

"பாய், அவிய வெப்சைட்ல உங்க லெட்டரு மொதப் பக்கமும் போட்டோவும்! மகிழ்ச்சியான வாடிக்கையாளராம். மாப்பிள்ளை கணக்கா இருக்கீய."

"நாம கேட்டதுக்கு என்ன சொல்லுதாவ, தாயி?"

"அவிய ரெண்டாம் பக்கத்துக்கே வரல. உங்க லெட்டர்ல பாதிதான் டெலிவரி ஆயிருக்கு. மீதிய அனுப்புங்க."

அவர் வரலாற்றில் 'அன்புள்ள' இல்லாத முதல் கடிதம் அன்று பிறந்தது: "ஒரு நானூறு பண்டல் ஆர்டரில் இருநூற்றைம்பது முதலில் போக வேண்டும். அதற்கு மட்டும் பில் வர வேண்டும். மீதி நூற்றைம்பது அதே ஆர்டரில், அதே விலையில் பாக்கி நிற்க வேண்டும். மீதியும் போன பிறகே ஆர்டர் முடிய வேண்டும். எல்லாப் பில்லிலும் வாடிக்கையாளரின் ஆர்டர் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் என் படத்தை எடுத்துவிடவும்."

இவ்வளவு கடுமையாக எழுதிவிட்டோமே என்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து பொன்னுராஜ் என்பவர் போன் செய்தார்.

"இப்பதான் சார் தெளிவா புரியுது. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே தம்பி, ரொம்பப் பணிவா!"

"அதான் சார் தெரியல."

அடுத்த மாதம் புது வசதி வந்தது. ஆஸ்பத்திரியின் அடுத்த ஆர்டரும் வந்தது, முன்னூறு பண்டல். நூற்றெண்பதை ஏற்றி, அதற்கு மட்டும் பில் போட்டார்கள். பாக்கி நூற்றிருபது என்று திரை ஒழுங்காகக் காட்டியது. வண்டி போனது, திரும்பியபோது காலியாக இருந்தது. காலி வண்டியைப் பார்த்து ஒரு மேனேஜர் இத்தனை பூரித்ததை அந்தத் தெரு கண்டதில்லை.

ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து போன் வந்தது. ஜெயசித்ரா எடுத்தாள்.

"பாய், பில்லு சரியா இருக்காம். மீதி எப்ப வரும்னு கேக்காவ."

"கேக்கட்டும் தாயி, கேக்கட்டும்" என்றார் பீர் மைதீன். "அவிய நம்மகிட்டயே கேக்கதுதானே நமக்குச் சந்தோசம்."