டூட்டி போடுகிறவருக்கு ஓய்வு

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் 'டூட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிப் பலகையில் ஒட்டுகிறவர். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன, தெம்புதான் திரும்பவில்லை. குளித்துச் சட்டை மாட்டுவதற்குள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது தெரியவா போகிறது? "ஆள் நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். அதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருத்துவமனையில் ரத்தம், தூக்கம், மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்த டாக்டர், மனநிலை பற்றியும் கேட்டார். "எதுலயும் பிடிப்பே இல்ல டாக்டர், பேப்பர்கூட தொடுறதில்ல" என்றாள் மனைவி.

"நான் என்ன அழுமூஞ்சியா?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

"இந்த நோய்க்கப்புறம் மனச்சோர்வு நிறைய பேருக்கு வர்றதுதான். இதுக்கும் வைத்தியம் இருக்கு" என்று டாக்டர் மாத்திரை எழுதி, மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்.

அவர் வேலைக்குத் திரும்பத் திட்டம் போட்டுக் கொடுத்தவர், நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் தெரபிஸ்ட் அம்மா. வாரம் மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம். நாற்பது நிமிடத்துக்கொரு முறை, களைப்பு வரும் முன்பே, பதினைந்து நிமிட ஓய்வு. பத்துக்கு எத்தனை களைப்பு என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரம் நிலையாக இருந்தால்தான் நேரம் கூடும்.

மேலாளரோ, "சீக்கிரம் முழுநாள் வாங்க. இல்லேன்னா அந்த சீட்டுக்கு வேற ஆள்தான்" என்று சொல்லிவிட்டார். சீட்டு போனால் தான் யார் என்றே டூட்டிக்குத் தெரியவில்லை. எட்டும் ஒன்பதுமாக இருந்த களைப்பை நோட்டில் மூன்று, மூன்று என்று எழுதினார். அதை நம்பி இரண்டு வாரம் கழித்து தெரபிஸ்ட் வேலையை மூன்று மணி நேரமாக்கினார்.

மூன்றாம் நாளே, இரவு வண்டி ஓட்டி இறங்கிய டிரைவரைக் காலை வண்டிக்கும் போட்டுவிட்டார் டூட்டி. கேட்க வந்தவரிடம் காட்டுக் கத்தல் கத்தினார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

நோட்டைப் புரட்டிய தெரபிஸ்ட் திட்டவில்லை. "ராத்திரி ஓட்டின டிரைவர் 'எனக்குக் களைப்பே இல்ல'ன்னு சொன்னா, காலை வண்டி குடுப்பீங்களா?"

"எப்படிக் குடுக்க முடியும்? சீட்டுக்குப் பயந்து எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கோபம் முதன்முறையாகத் தன் மேலேயே திரும்பியது. பேனாவைப் பிடுங்கி ஒவ்வொரு மூன்றையும் அடித்து ஒன்பது என்று எழுதினார். காகிதம் கிழிந்தது. தெரபிஸ்ட் மறுபடி இரண்டு மணி நேரத்திலிருந்து தொடங்கினார். அவசரப்படுத்தக் கூடாது என்று மேலாளருக்கும் கடிதம் போனது.

அடுத்த வாரம் பலகையில் கடைசி வரியாக, டிரைவர்களுக்குக் கீழே, தன் ஓய்வு நேரத்தையும் எழுதி ஒட்டினார் டூட்டி. நாற்பதாவது நிமிடம் மேலாளர் தாளோடு வந்து நின்றார். "ஒரு கையெழுத்துதான்."

டூட்டிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கத்தவில்லை. பலகையைக் காட்டினார்.

"அன்னைக்குப் பண்ணின தப்பைத் தவிர, என் டிரைவர் ஒருத்தரையும் ஓய்வு நேரத்துல நான் எழுப்பினதில்ல சார். என்னையும் எழுப்பாதீங்க."

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.