ஒரே புதன்கிழமை, இரண்டு கூட்டம்

கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் யாருக்கு எப்போது எங்கே கூட்டம் என்று பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மலைக் கிராமங்களின் கணக்கெடுப்பைக் கையில் வைத்திருந்தவள் ஒரே ஒரு பெண். புதன்கிழமை அவளைத் தண்ணீர்த் திட்ட மேலாளர் பதினோரு மணிக்குக் கலெக்டர் அலுவலக ஆய்வுக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். சுகாதாரத் திட்டத்தைப் பார்க்கும் அம்மா அன்றே பத்தரைக்கு வெள்ளிமலையில் பெண்கள் குழுக் கூட்டம் வைத்திருந்தார். முன்னவருடையது காலண்டரில் இருந்தது. பின்னவர் அதற்குப் பிறகு வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். இருவருக்கும் அவள் சரி என்றிருந்தாள்.

திங்கள் காலை இருவரையும் தனித்தனியே கேட்டேன்.

"கலெக்டர் கூட்டத்த நான் இன்னாத்துக்கு மாத்தறது? அவரு வெச்ச டைம்ங்க அது" என்றார் தண்ணீர் மேலாளர்.

"அந்தப் பொம்பளைங்க ஒருநாள் கூலிய விட்டுட்டு வராங்க. எப்பிடி மாத்துவேன்?" என்றார் அம்மா.

இருவரும் சொன்னது உண்மைதான். செவ்வாய் மதியம் வரை யாரும் இறங்கி வரவில்லை. இதில் முடிவு சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

"கலெக்டர் ஆபீஸ்ல என் அட்டவணைதாங்க வேணும். மலையில நானே வேணும். எந்த வூட்ல யார் சொன்னாங்கன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள். பிறகு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள்.

இயக்குநருக்கு எழுதினேன். இருவருக்கும் நகல் வைத்தேன். இரண்டு கூட்டமும் எத்தனை மணிக்கு, எதைத் தள்ள முடியாது, ஏன், மேலாளர்கள் இருவரிடமும் நான் என்ன கேட்டேன், எந்த இடத்துக்கு அவளே வேண்டும், எந்த இடத்துக்கு அவளுடைய தாள் போதும் என்று மட்டும். யார் முதலில் கேட்டார் என்பதையும் சேர்த்தேன், அது தண்ணீர் மேலாளர் பக்கம் நியாயம் என்பதால். ஐந்து மணிக்குள் முடிவு வேண்டும் என்று முடித்தேன்.

நாலரைக்கு இயக்குநரின் பதில் வந்தது. அவள் மலைக்குப் போகட்டும். அட்டவணையை இன்றே மேலாளரிடம் கொடுத்து விளக்கட்டும்.

மேலாளர் என் மேசைக்கு வந்து, "மேலிடத்துக்கே எழுதிட்டீங்க" என்றார். "உங்களுக்கும் நகல் போட்டேன் சார்" என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் ஆய்வில் ஒரு ஊரின் எண்ணைக் கேட்டார்களாம். மேலாளர் மாலைக்குள் தருகிறேன் என்று சொல்லி, அவள் மலையிலிருந்து இறங்கியதும் கேட்டு அனுப்பினார். அதோடு முடிந்தது. வெள்ளிமலையில் கூட்டம் ஒருமணி வரை நடந்ததென்று அம்மா சொன்னார்.

பத்து நாள் தண்ணீர் மேலாளர் என்னிடம் பேசவில்லை. பதினோராம் நாள் கதவருகே நின்று கேட்டார்: "வியாழக்கிழமை அந்தப் பொண்ணு ஃப்ரீயா இருக்குதா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். இல்லை, அன்றைக்கு அவளுக்கு விடுப்பு.