சரிங்க சிஸ்டர்

தாம்பரத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்த வாரம், வார்டு சிஸ்டர் புதியவர்களை மருந்து அறைக்கு அழைத்தார். ஒரு குப்பியிலிருந்து சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார். "இன்சுலின், பத்து யூனிட். செக் பண்ணு" என்று, குப்பியையும் சிரிஞ்சையும் என் பக்கத்தில் நின்றவளிடம் காட்டினார். அவள் சிரிஞ்சின் கோட்டைப் பார்த்தாள். பத்துதான்.

"சரிங்க சிஸ்டர்."

சிஸ்டர் லேபிளை மறைத்திருந்த கட்டைவிரலை விலக்கினார். ஹெப்பரின். ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து! இப்படியா ஏமாற்றுவார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

"நான் சொன்னதத்தான் செக் பண்ணுன, மருந்த இல்ல. என்ன மருந்து, எவ்வளவுன்னு நான் வாயே திறக்கக் கூடாது. டாக்டர் எழுதுனதப் பாத்து, லேபிளப் படிச்சு, எத்தன யூனிட், எத்தன எம்.எல்.னு நீயே தனியா கணக்குப் போடணும். அப்புறம்தான் சிரிஞ்சப் பாக்கணும்."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தன வருஷ சர்வீஸ் உங்களுக்கு. நீங்க சொன்னா தப்பா இருக்குமா சிஸ்டர்?"

"முன்ன ஒரு பேஷண்ட்டுக்கு நானே இப்படிக் குப்பிய மாத்தி எடுத்துட்டேன். அன்னிக்கு எனக்கு செக் பண்ணவளும் அப்படித்தான் நெனச்சா" என்றார் சிஸ்டர். "அந்தப் பேஷண்ட் வீட்டுக்குப் போகல."