நெஞ்சுக்குத் தெரியலையே

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கூலிக்காரத் தெருவில் ரெத்தினம் என்றொருவர் இருந்தார். வயல்வேலைக் கூலியாள். விவசாயச் சங்கத்துக்குப் பாட்டு கட்டுபவர். சங்கம் நடத்திய இரவுப் பள்ளியில் எழுத்து கற்றவர். அவர் தப்புப் பறையைத் தட்டிப் பாட ஆரம்பித்தால் கூட்டமே எழுந்து நிற்கும். 'அஞ்சாதே, நிமிர்ந்து நில்' என்கிற பாட்டுகள்தான் எல்லாமே.

மாநிலத்தில் ஆட்சி மாறி இரண்டாவது சம்பா அறுவடையில் கூலி நெல் கேட்டுத் தகராறு வந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். ஒருநாள் மத்தியானம் லாரியில் வந்த அவருடைய அடியாட்கள் தெருவில் ஐந்து கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். ரெத்தினத்தின் மனைவி காளியம்மாள் கைக்குழந்தையோடு வாய்க்காலுக்குள் இறங்கி, அது அழுதுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. வீடும் தப்பியது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் கையிலிருந்த நாற்று நழுவும். சத்தமே இல்லாத நேரத்திலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூங்குகிற குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். திரும்பிப் போவாள், மறுபடி வந்து வைத்துப் பார்ப்பாள். பூசாரி விபூதி போட்டார். அக்கம்பக்கத்தார், "ஒண்ணுமில்ல, தைரியமா இரு" என்றார்கள்.

ஒரு நாள் ரெத்தினம் வாசலில் உட்கார்ந்து புதுப்பாட்டுக்குத் தப்பு தட்டிக்கொண்டிருந்தார். அவள் உள்ளேயிருந்து வந்து தப்பின் மேல் கையை வைத்து அமுக்கினாள்.

"நிறுத்து. பயந்தவன் கோழைன்னு பாடுற. உன் பாட்டுல எனக்கு எடம் இல்ல."

மறுநாள் அவளுக்காகவே ஒரு பாட்டு கட்டினார். இருட்டு சூழ்ந்தது, விடியல் வரும் என்று முடித்திருந்தார். கேட்டுவிட்டு அவள், "எனக்கு இருட்டுல ஒண்ணும் இல்ல. விடிஞ்சாத்தான் ரோட்டுல லாரி ஓட ஆரம்பிக்கும்" என்றாள். அடுத்ததில் புயல் வந்தது, வாழை சாய்ந்தது. "அது வாழைக்கு. எனக்கு என்ன ஆவுதுன்னு நீ கேட்டியா?"

அவர் கேட்கவில்லை. அன்றுதான் கேட்டார்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சோறு தொண்டையில நிக்குது. தாழ்ப்பா போட்டது தெரியுது, ஆனா கை போயி மறுபடி தொடுது. யாரும் வரலேன்னு எனக்குத் தெரியுமய்யா. நெஞ்சுக்குத்தான் தெரியல."

ரெத்தினம் அவள் சொன்னதை அழகுபடுத்தப் பார்த்தார். ஒவ்வொரு அலங்காரமும் அதைப் பொய்யாக்கியது. கடைசியில் அப்படியே வைத்தார்:

*யாரும் வரலை வாசலிலே – அது*
*எனக்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியலையே*
*தாழ்ப்பா போட்ட கையிதுதான் – அது*
*தானாப் போயித் தொடுகுதே*
*ஒண்ணுமில்லேன்னு சொல்லுறாங்க – அந்த*
*ஒண்ணுமில்லதான் உலுக்குதே*

தப்பு அடித்தால் அவள் நெஞ்சும் கூடவே ஓடியது. அதனால் தப்பை விட்டார். இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு விட இடம் வேண்டும் என்று அடிகளை ஏகாரத்தில் நீட்டி முடித்தார். 'நீ' என்று ஆரம்பித்தால் யாரோ புத்தி சொல்வதுபோல் இருந்தது. 'எனக்கு' என்றே வைத்தார். பாடும்போது முதல் அடியே திரும்பத் திரும்ப வந்தது, பயம் திரும்பி வருவதுபோல. முடிவில் ஆறுதலாக ஒரு வரி சேர்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது.

"வேணாம்" என்றாள் காளியம்மாள். "போயிடும்னு சொல்லாதே. போகலேன்னா அதுவும் என் தப்பா ஆயிடும்."

பாடிக் காட்டியபோது அவள் அழவில்லை. "ஆமா, இதுதான்" என்று மட்டும் சொன்னாள். அன்று பாதிச் சோறு இறங்கியது. மறுநாள் இறங்கவில்லை.

சங்கத்துப் பஞ்சநதம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு தோழர். ஆனா மேடையில வேணாம். மிராசுதாரன் காதுல விழுந்தா சிரிப்பான். கடைசியில வீரமா நாலு வரி போடுங்க, பாடலாம்."

ரெத்தினம் போடவில்லை. பாட்டு மேடை ஏறவில்லை.

களை பறிக்கையில் காளியம்மாள் அதை முணுமுணுத்தாள். பக்கத்து வரிசையில் இருந்த வேம்பு நிமிர்ந்தாள். தீயில் வீட்டை இழந்தவள், தெருவிலேயே வாய்த்துடுக்கானவள்.

"இதை யாரு உன்கிட்ட சொன்னா?"

"எதை?"

"என்னைப் பத்தி."

காளியம்மாள் அவளையே பார்த்தாள். "உனக்குமாடி?"

வேம்பு சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் அடுத்தடுத்த வரிசையில்தான் குனிந்தார்கள்.

அடுத்த அறுவடைக்கும் லாரி வந்தது. ரெத்தினத்தைக் களத்துமேட்டில் அடித்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். சங்கத்துப் பெண்களும் சேர்ந்து நடந்த ஊர்வலத்தில் அவருடைய வீரப்பாட்டுகளைத் தப்படித்துப் பாடினார்கள். காளியம்மாளால் அந்தச் சத்தத்தோடு நடக்க முடியவில்லை. வழியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் பிணத்துக்குப் பின்னால் போகாதவள் என்று தெருவில் பேசினார்கள். வேம்பு மட்டும் ஊர்வலத்திலிருந்து விலகி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.