கண்ணாடிக்குள் போன வரைபடம்

புள்ளி டீச்சர் கடைசியாக வேலைக்குப் போன நாளில் அவருடைய பையில் இருந்தவை: பிரெய்ல் பலகை ஒன்று, அதில் குத்தும் ஊசி இரண்டு, பசை, மூன்று தடிமனில் நூல்கண்டு, உப்புத்தாள், உடைந்த சீப்பு. சீப்பு தலைக்கு அல்ல. ரயில் பாதை எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது.

பெயர் பிள்ளைகள் வைத்தது. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துக்குப் புள்ளி குத்துகிறவர், அதனால் புள்ளி டீச்சர். பார்வையில்லாத பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கும் ஐந்து பள்ளிகள், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு ஸ்கூட்டர். இருபத்தாறு வருடம். சம்பளப் பட்டியலில் ஐந்து பள்ளிகளும் அவரை மற்ற நான்கு பள்ளிகளின் ஆசிரியர் என்றே எழுதி வந்தன. எந்தப் பள்ளியிலும் அவருக்கு நாற்காலி கிடையாது. கேட்டால், "நீங்க வர்றதே ஒரு நாள், அதுக்கு ஒரு நாற்காலியா மேடம்?" என்பார்கள்.

அதில் ஒரு வருடம், வெள்ளிக்கிழமைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய் ஓயாது. பட்டப்பெயர் கேள்விக்காரி.

அவளுக்காகச் சமூக அறிவியல் புத்தகத்தைப் பிரெய்லில் வரவழைத்தபோது ஒரு புத்தகம் ஏழு புத்தகங்களாக வந்து இறங்கியது. தலைமையாசிரியர் அதிர்ந்து போனார். பரிசுக் கோப்பைகள் வைக்கும் அலமாரியில் பாதியைப் பிரெய்ல் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் வந்து பார்த்தால், ஏழையும் படுக்கவைத்து மேலே விளையாட்டுச் சாமான் மூட்டையை ஏற்றியிருந்தார்கள்.

"சார், புள்ளியெல்லாம் நசுங்கிப்போகும். நிக்கவைக்கணும்."

"புத்தகந்தானேம்மா, படுத்தா என்ன?"

"உங்க புத்தகத்துல எழுத்த யாராவது இஸ்திரி போட்டுத் தேய்ச்சா சும்மா இருப்பீங்களா?"

மூட்டை இறங்கியது. இரண்டாம் புத்தகத்தில் நாற்பது பக்கம் அதற்குள் வழுக்கையாகியிருந்தது. டீச்சர் அதை வீட்டில் உட்கார்ந்து மறுபடி குத்தினார். பலகையில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க முடியும். அவர் நடுவிரலில் இருந்த காய்ப்பு அப்படி வந்தது. உறவினர்கள் அதை மோர் கடைந்த காய்ப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

கணக்கு வாத்தியார் நல்ல மனுஷன். ஆனால் கரும்பலகையைப் பார்த்து, "இதையும் இதையும் கூட்டி இதுக்குக் கீழ போடு" என்று சொல்லிக் கொடுப்பார். கேள்விக்காரி, "எதையும் எதையும் சார்?" என்பாள். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று டீச்சர் ஒருமுறை கேட்டுக்கொண்டார். வாத்தியார் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டார். "இப்ப சாக்பீஸ் எடுக்கறேன். இது உடைஞ்சிருக்கு. வேற எடுக்கறேன். எக்ஸ் பிளஸ் ஏழு. இப்ப தும்மப்போறேன்." வகுப்பு மொத்தமும் கணக்கில் தேறியது அந்த வருடம்தான்.

வகுப்புப் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கேள்விக்காரிக்கு உதவ ஒரு குழு அமைத்து, கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். தண்ணீருக்கு ஒருத்தி, பைக்கு ஒருத்தன், படிக்கட்டுக்கு இருவர். கழிவறைக்கு நான்கு பேர். அவள் கொட்டாவி விட்டால்கூட ஒருத்தி வந்து முதுகைத் தட்டினாள். குழுத் தலைவி அவள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. ஒல்லி என்பதால் குண்டூசி.

"டீச்சர், என்னைக் காப்பாத்துங்க" என்றாள் கேள்விக்காரி. "நேத்து பென்சில் கீழ விழுந்துச்சு. பதினோரு பேர் குனிஞ்சாங்க. மூணு பேருக்கு மண்டை இடிச்சிருச்சு."

டீச்சர் குழுவைக் கூப்பிட்டு இரண்டு விதி சொன்னார். கேட்டுவிட்டு உதவு. பிடித்துத் தள்ளாதே, உன் முழங்கைக்கு மேலே அவள் பிடித்துக்கொள்ளட்டும், நீ அரை அடி முன்னால் நட.

"அப்ப அவ பென்சில் விழுந்தா?"

"விழுந்த சத்தம் அவளுக்குத்தான் முதல்ல கேட்டிருக்கும். அவளே எடுப்பா."

குழுவுக்கு இது பெரிய ஏமாற்றம். பல பேருக்குப் பதவி போயிற்று.

பிரச்சினை வரைபடத்தில் வந்தது. "கண்ணு தெரியாத பொண்ணுக்கு மேப் எதுக்கும்மா?" என்று தலைமையாசிரியர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்தில் மதிப்பெண் இல்லை, மொத்தத் தேர்ச்சி குறைகிறது, அவளைத் தொலைவில் இருக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று மேலே எழுதிவிட்டார். பார்த்து முடிவு சொல்ல ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. அன்றைக்கு அவள் வரைபடம் படித்துக் காட்டினால் இங்கே இருப்பாள். இல்லாவிட்டால் விடுதி.

டீச்சர் மூன்று வாரம் உட்கார்ந்து நாட்டு வரைபடம் ஒன்று செய்தார். முதலாவதில் ஆறு, மலை, சாலை, ரயில், எல்லை எல்லாம் இருந்தன. கேள்விக்காரி தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், இது மேப்பா, அழுக்குத் துணிக் கூடையா?"

கண்ணுக்கு அழகாக இருப்பது விரலுக்குக் குப்பை. தெரிந்த விஷயந்தான், ஆசையில் மறந்துவிட்டார். எல்லாவற்றையும் பிய்த்தார். கரைக்குத் தடித்த கயிறு, மூன்று ஆற்றுக்கு மெல்லிய நூல், பாலைக்கு உப்புத்தாள், ஊருக்கு ஒரு பயறு, அவ்வளவுதான். புதன்கிழமை ஸ்கூட்டரை இந்தப் பக்கம் வளைத்துக்கொண்டு வந்து தலைமையாசிரியரிடம் பத்திரமாகக் கொடுத்துப் போனார். அதுதான் பிசகு.

வெள்ளி காலை வந்தபோது பள்ளி வாசலில் கேள்விக்காரியின் அம்மா ஒரு தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது?"

"பெட்டியோட வரச் சொன்னாங்க டீச்சர். முடிவு ஆனா கையோட அனுப்பிடலாமாம். நாலு பாவாடை, போர்வை, சோப்பு எல்லாம் வெச்சுட்டேன். அவகிட்ட இன்னும் சொல்லல."

டீச்சர் நேரே அலுவலகத்துக்குள் போனார். தலைமையாசிரியர் முகமெல்லாம் பூரிப்பு. சுவரைக் காட்டினார். ஏழடி உயரத்தில், தேக்குச் சட்டம் போட்டு, கனத்த கண்ணாடிக்குள் வரைபடம் தொங்கியது. கீழே ஒரு பலகை: தொடாதீர்கள்.

"அதிகாரி வர்றாரில்ல. அசத்திட்டோம்."

"சார்... கண்ணாடி போட்டுட்டீங்களே!"

"கை படக்கூடாதுன்னுதானேம்மா போட்டேன்."

"கை படத்தானே சார் செஞ்சேன்!"

தலைமையாசிரியர் சற்று யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். பிறகு, கழற்ற முடியாது என்றார். தச்சர் ஆறு திருகாணி முடுக்கியிருக்கிறார். ஏணி சாமான் அறையில். சாமான் அறைச் சாவி காவலாளியிடம். காவலாளி மச்சினி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மேலும் நேற்றே அது பள்ளிச் சொத்தாகப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

டீச்சரிடம் வேறு வழி ஒன்று இருந்தது: ரப்பர் விரித்த வரைபலகை. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு மேலே புடைத்துக்கொண்டு வரும், உடனே தடவலாம். ஆனால் ஐந்து பள்ளிக்கும் பலகை ஒன்றுதான். அது வியாழக்கிழமைப் பள்ளியில் பூட்டிக் கிடந்தது. வெளியே அதிகாரியின் வண்டி வந்து நின்றது, சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். கேள்விக்காரியைக் கூட்டி வந்தார்கள். குண்டூசியும் கூடவே வந்தாள்.

"மேப் எங்க?" என்றார் அதிகாரி. தலைமையாசிரியர் மேலே காட்டினார். அதிகாரி அண்ணாந்து பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்தார்.

"இவ எப்படிம்மா இதைப் படிப்பா?"

"படிக்க முடியாதுன்னுதான் சார் நானும் எழுதினேன்" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சரின் ரப்பர் பலகையைக் குண்டூசி வகுப்பில் பார்த்திருக்கிறாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். நேரே போய்க் கிளார்க் மேசையில் கம்ப்யூட்டர் எலிக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பை உருவினாள். "ஏய், அது ஆபீஸ் சாமான்!" என்று கிளார்க் எழுந்தார். அதற்குள் தன் நோட்டின் பிளாஸ்டிக் உறையை உரித்து அதன்மேல் விரித்திருந்தாள். முதல் உறை கிழிந்தது. பக்கத்து வகுப்புக்கு ஓடி இன்னும் இரண்டு உரித்து வந்தாள். ஒன்று தடிப்பு, கோடு எழும்பவில்லை. மூன்றாவது வழிக்கு வந்தது. டீச்சர் கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

குண்டூசி கரையை வரைந்தாள், மூன்று ஆறுகளை வரைந்தாள். கேள்விக்காரி இரண்டு கையாலும் தடவி, பெயர் பெயராகச் சொன்னாள். "நடு ஆறு கடலுக்கே போகல. அவசரத்துல பாதியில விட்டுட்டா" என்றும் சொன்னாள்.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "மனப்பாடம். தெரிஞ்ச மேப்தானே. தெரியாதது ஒண்ணு நானே வரையறேன்." பேனாவை வாங்கினார். என்ன வரைவது என்று விழித்தார். கடைசியில், "இன்னிக்கு நான் வந்த வழி. இது மெயின் ரோடு, இது பள்ளிக்கூடம்" என்று இரண்டு இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினார்.

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் பாடத்தில் அதிகாரியின் வழி இல்லை.

கேள்விக்காரியின் விரல் மெதுவாக நகர்ந்தது. "மெயின் ரோட்டுலேர்ந்து இடது பக்கம்... நேரா... இங்க வலது..." விரல் நின்றது. திரும்பியது. மறுபடி போனது. "சார், இங்க கோடு ரெண்டா இருக்கு. போயிட்டு அதே வழியா திரும்பி வந்தீங்களா?"

"ம்."

"இங்கயும். இங்க சுத்திட்டு முன்னாடி போன கோட்டுலயே வந்து இடிக்குது. வழி தவறிட்டீங்களா சார்?"

"டிரைவர் குறுக்கு வழின்னு சொன்னான்" என்றார் அதிகாரி, யாரையும் பார்க்காமல்.

"முட்டுச்சந்துக்குள்ள போயிருக்கீங்க. மாவு மெஷின் சத்தம் கேட்டுதா?"

"கேட்டுது."

"ரெண்டு தடவையா?"

"...மூணு தடவை."

"பேனா குடுங்க சார்." வாங்கினாள். அவர் கோட்டுக்கு இடது கையைக் காவல் வைத்துவிட்டு, பள்ளியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வேறொரு கோடு இழுத்தாள். கோணலாக இருந்தது. ஆனால் இரண்டே திருப்பம். "மெஷின் சத்தம் வலது காதுல கேக்கணும். இடது காதுல கேட்டா திரும்பவும் தொலைஞ்சீங்க."

அதிகாரி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை போலிருக்கிறது, கண்ணைத் திறந்துகொண்டார். ஃபைலை எடுத்து, 'மாணவி இதே பள்ளியில் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிளாஸ்டிக் உறையைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், அந்த ரப்பர் விரிப்பு..." என்றார் கிளார்க்.

"அது இந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும். எழுதிக்குங்க."

வண்டி கிளம்பியது. எல்லோரும் வாசலில் நின்று காது கொடுத்தார்கள். வண்டிச் சத்தம் சரியான பக்கம் தேய்ந்து போயிற்று.

கேள்விக்காரியின் அம்மா எழவில்லை. பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் போய்ச் சொன்னார்: "எழுந்திருங்கம்மா, பாவாடை கசங்கும்." பெட்டியை ஸ்கூட்டரின் பின்னால் வைத்துக் கட்டினார். மதியம் தலைமை அலுவலகத்தில் மாதக் கூட்டம். பெட்டியை அந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போனபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டீச்சர் எழுதினார்: 'வரைபடத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள்.'

விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்கும் அதையே எழுதினார்.