இளங்காய் பர்பி

அந்த இனிப்புக் கடையில் அவளைத் 'துருவலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகத் தேங்காய் துருவுவது மட்டுமே அவள் வேலை. அடுப்புப் பக்கம் மாஸ்டர் யாரையும் விடமாட்டார்.

அன்றைக்குக் கல்யாண ஆர்டர். மூன்று தட்டுத் தேங்காய் பர்பியும் இறுகவில்லை. கத்தி போட்டால் கூழாக ஒட்டியது. மாஸ்டர் முகம் செத்துப்போனது.

"கம்பிப் பதம் பார்த்துத்தானே போட்டேன். பாழாப்போச்சு, கொட்டிடுங்க" என்றார்.

"கொட்டாதீங்கண்ணே" என்றாள் துருவலக்கா. "உங்க பாகு சரிதான். காய்தான் இளசு, துருவும்போதே கையெல்லாம் ஈரம். அந்தத் தண்ணி வத்தறதுக்கு முன்னாடி இறக்கிட்டீங்க."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கரண்டியை அவளிடம் நீட்டினார்.

எல்லாவற்றையும் வாணலியில் திரும்பப் போட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிளறினாள். தோள் விண்ணென்று தெறித்தது. ஓரமெல்லாம் வெள்ளை நுரை பூத்து, கலவை ஒட்டாமல் சுருண்டு வந்ததும், நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமன் செய்தாள். இளஞ்சூட்டில் கோடு போட்டாள். ஆறியதும் ஒரு துண்டை எடுத்தாள். நான்கு மூலையும் உடையாமல் வந்தது.

மாஸ்டர் அதைத் தின்று பார்த்து, "என்னுதைவிட நல்லாயிருக்கு" என்றார்.

"நாளையிலேருந்து நீயும் அடுப்புல நில்லும்மா" என்றார் முதலாளி.

"நிக்கறேங்க. துருவ வேற ஆளைப் பாருங்க" என்று நிமிர்ந்து சொன்னாள்.