வர வேண்டிய முடிவுகள்

அவரை அழைத்து வந்தது ஓர் ஐப்பசி மதியம். மூன்று நாளாக விடாத மழை. ஆட்டோவிலிருந்து அவரை இறக்கும்போதே கால்கள் மடங்கிவிட்டன. கூட வந்த மனைவி ஒரு தோளையும் ஆட்டோக்காரர் மறு தோளையும் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

கரமனையில் ஐம்பது படுக்கை உள்ள ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி அது. அங்கே அவசரப் பிரிவில் நான் நர்ஸ். என் அப்பா ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தவள் நான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் யார் வந்தாலும் டாக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். அன்றும் கூப்பிட்டார்.

"எத்தன நாளா காய்ச்சல்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அஞ்சு நாளா இருக்கு சிஸ்டர். மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டே இருந்தாவ. நேத்துலேருந்து இருமலு. இன்னைக்குக் காலைல கூப்பிட்டா சரியாப் பேச்சே வரல."

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். அவர் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர். அவள் அதே இடத்தில் சித்தாள். நாற்பது வயதுகூட இருக்காது அவருக்கு. பாதத்தில் ஆறாத ஒரு வெட்டுக்காயம், சேற்றில் ஊறி வெளுத்துப் போயிருந்தது. ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே. சர்க்கரை நானூற்றுப் பதினெட்டு. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது.

டாக்டர் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், என்று சந்தேகப்பட்டார். மழைக்காலத்தில் இந்த ஊரில் யாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். ஆனாலும் கவனமான மனிதர். "ஆன்டிபயாட்டிக் போடறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுக்கணும் சிஸ்டர்" என்றார். இரண்டு கைகளிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டில்களில் விட்டேன். ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்தப் பாட்டிலில் வளரும். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிய இரண்டு மூன்று நாளாகும். எங்களிடம் அந்த வசதி கிடையாது. வெளியே ஒரு லேபுக்கு அனுப்புவோம்.

பிறகு செஃப்ட்ரியாக்சோன் இரண்டு கிராம் நரம்பில் போட்டேன். இரண்டு லிட்டர் சலைன் ஏறியும் அழுத்தம் உயரவில்லை. நார்அட்ரினலின் சிரிஞ்சு பம்பில் தொடங்கினோம். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் திட்டுத் திட்டாக வெண்மை. கிட்னியும் பழுதாகத் தொடங்கியிருந்தது. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ஒரு குறிப்பு கூடப் போகும். நோயின் விவரத்தை டாக்டர் எழுதுவார். டிரிப், மருந்து, பரிசோதனை எல்லாம் நர்ஸ் எழுத வேண்டும். முன்பக்கத்தில் ஒவ்வொரு மருந்தும் அளவும் கொடுத்த நேரமும் எழுதினேன். சலைன் இரண்டு லிட்டர், மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. நார்அட்ரினலின் மணிக்கு ஐந்து மில்லி, இடது கை. இன்சுலின் எட்டு யூனிட். இதுவரை சிறுநீர் நாற்பது மில்லி. பின்பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, செய்த பரிசோதனைகளும் முடிவுகளும். மற்றொன்று, இனி வர வேண்டிய முடிவுகள்.

முதல் கட்டத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பம்ப் கத்தத் தொடங்கியது. குழாய் எங்கோ மடங்கியிருந்தது. எழுந்து போய்ச் சரி செய்துவிட்டு வந்தேன். வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர், "சிஸ்டரே, பேட்டையில இப்பவே பிளாக்கு, சீக்கிரம்" என்றார். சர்க்கரை, கிரியேட்டினின், எக்ஸ்ரே என்று எழுதியிருந்த வரிசையிலேயே கடைசியாக "பிளட் கல்ச்சர் அனுப்பியது" என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் எலிக்காய்ச்சல் டெஸ்டை மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு மடித்தேன்.

இடம் மாறி எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். பம்பின் குழாய் அசையாமல் அவருடைய இடது கையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிழக்கேகோட்டைப் பக்கம் மழைத் தண்ணீரில் பஸ்கள் நகராமல் நின்றன. மாஸ்குக்குள்ளிருந்து அவர் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"நாளைக்குக் கான்கிரீட்டு. ஆளு பத்தாது."

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க அண்ணே. நீங்க மூச்சை நல்லா இழுங்க."

அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காலடி வைக்க இடமில்லை. அப்போதுதான் ஏதோ விபத்தில் அடிபட்ட நான்கு பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். ஓர் இளம் டாக்டர் குறிப்பை வாங்கி முன்பக்கத்தைப் படித்துக்கொண்டே மலையாளத்தில் கேட்டார்: "கல்ச்சர் எடுத்தோ?"

"எடுத்து, சார்."

அவர் தலையசைத்தார். ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே எடுத்தது, முடிவு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும், இந்த நம்பரில் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் யாரோ அலற, அவர் திரும்பிவிட்டார். பம்பை மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெண்ணிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க" என்றேன். அடுத்த இரண்டு நாளும் எனக்கு விடுப்பு.

மூன்றாம் நாள் காலை டியூட்டிக்குப் போனதும் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். முந்தைய நாள் மாலை லேபிலிருந்து போன் வந்திருக்கிறது. கல்ச்சரில் கிருமி வளர்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தவர் எழுதியிருந்தார்: "நோயாளி இங்கே இல்லை, ரெஃபர் செய்தாயிற்று." அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போன நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை உறவினர்கள் வந்து வாங்கிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதில் தேடினேன். யாருடைய தைராய்டு ரிப்போர்ட்டுக்கோ அடியில் அவருடையது கிடந்தது.

டாக்டரிடம் ஓடினேன். படித்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மெலியாய்டோசிஸ்" என்றார். "மண்ணுல, சேத்துல இருக்கற கிருமி. சர்க்கரை உள்ளவங்களுக்குக் கால் காயத்துல ஏறினா இப்படித்தான் ஆகும். நம்ம போட்ட மருந்து இதுக்குக் கேக்காது சிஸ்டர்."

அங்கே போன் செய்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை எடுத்தவர் வேறொரு வார்டுக்கு மாற்றினார். அங்கே யாரும் எடுக்கவில்லை. "நீங்க டிரை பண்ணிட்டே இருங்க சார், நான் நேர்ல போறேன்" என்று ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். கிழக்கேகோட்டையில் இறங்கி அடுத்த பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் ரிப்போர்ட்டை நின்ற இடத்திலேயே படித்தார். உடனே உள்ளே பார்த்து மெரோபெனம் போடச் சொன்னார். அதன் பிறகு ஃபைலைப் புரட்டி, நிறையத் தாள்களுக்குப் பின்னால் என் குறிப்பை எடுத்தார்.

"பெண்டிங்ல லெப்டோ மட்டும்தானே எழுதியிருக்கு? அதை நாங்க மறுநாளே உங்க லேபுல விளிச்சுக் கேட்டோம். நெகட்டிவ்னு சொன்னாங்க. ஆரம்பத்துல நெகட்டிவா வரும்கிறதனால அதே மருந்தைத் தொடர்ந்தோம். எங்க கல்ச்சர்ல இதுவரை ஒண்ணும் வளரலை. ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகு எடுத்ததுதானே."

அவர் குரலில் கோபம் இல்லை. விரலால் அந்த வரியைக் காட்டினார். "இது இந்தக் கட்டத்துல இருந்திருந்தா இதையும் கேட்டிருப்போம்."

என் கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் அவர் வென்டிலேட்டரில் கிடந்தார். முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. வெளியே வராந்தாவில் அவள் ஒரு துணிப்பையை அணைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்ன சிஸ்டர், இவ்வளவு தூரம்?"

"அன்னைக்கு எடுத்த ரத்தத்துல என்ன கிருமின்னு தெரிஞ்சிட்டு. இப்ப அதுக்கான மருந்து போடுறாங்க."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க தேடி வந்து குடுத்தீயளே. சொந்தக்காரங்ககூட இப்படிச் செய்யமாட்டாவ." அவள் உள்ளங்கை சிமெண்டால் அரிக்கப்பட்டுச் சொரசொரவென்று இருந்தது. கையை விடுவித்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. விடாமல் இருக்கவும் வெட்கமாக இருந்தது. கான்டீனில் அவளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து மறுபடி போனேன். கட்டிலில் வேறொருவர் இருந்தார். விடியற்காலையில் உயிர் போய்விட்டதாகவும் உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் அதே டாக்டர் சொன்னார். நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்: அந்த மருந்து ஒருநாள் முன்னால் கிடைத்திருந்தால்?

"அறியில்ல சிஸ்டர்" என்றார் அவர். "முதல் மணி நேரத்துலயே சரியான மருந்து கிடைச்சும் போனவங்க உண்டு. பிழைச்சவங்களும் உண்டு." புதியவரின் டிரிப்பைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதுங்கறதுதான் நிஜம்" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். போனை எடுத்தவரையும் விசாரித்தார்கள். யாரையும் தண்டிக்கவில்லை. ரெஃபர் ஆன நோயாளிக்கு முடிவு வந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். "விடு, நீ மட்டுமா?" என்றார் வீட்டில் என் கணவர். அன்றிரவு சோறு இறங்கவில்லை. பல இரவுகள் அப்படித்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் போன் செய்தாள். "சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீய. நீங்க செஞ்சத மறக்கமாட்டேன் சிஸ்டர்" என்றாள். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. இவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். சொன்னேன். இடம் மாறி எழுதியது, போன் வந்தது, கூடை, எல்லாம். டாக்டர் சொன்ன "தெரியாது" என்பதையும் சொன்னேன். அதை மட்டும் சற்று வேகமாகச் சொல்லிவிட்டேனோ என்று பிறகு தோன்றியது.

குழந்தைகளை யாரோ அதட்டுவது கேட்டது.

"அப்ப அந்தப் பேப்பரு அங்கனக்குள்ள சும்மாவா கெடந்துச்சு?"

"ஆமா."

"நான் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவுலதான இருந்தேன். எங்கிட்டயாவது சொல்லியிருந்தா நான் வந்து வாங்கியிருப்பேன்லா."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. "வைக்கேன்" என்றாள்.

அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. இரண்டு முறை அந்த எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, அழைக்காமல் வைத்துவிட்டேன்.

இப்போதும் மாதத்தில் நான்கைந்து முறையாவது அந்தக் குறிப்பை எழுதுகிறேன். பின்பக்கத்தை முதலில் எழுதுகிறேன். லேப் எண்ணையும் என் எண்ணையும் எழுதுகிறேன். கூட வருகிற உறவினரை அருகில் அழைத்து, எந்த முடிவு வர வேண்டும், என்றைக்கு, யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்வரை சொல்கிறேன். டிரைவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.